ஏழுக்கு நேரே ஒரு கோடு அதிகம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் ரகசியமாக வைத்திருந்த பெயர் ‘கோடு டீச்சர்’. ரகசியம் என்று பிள்ளைகள்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது முதல் வருஷமே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் வேறு பெயர் வைத்துவிடுவார்கள், அது இதைவிட மோசமாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவில்லை.

பெயர் நியாயமான பெயர்தான். எதை எண்ணினாலும் கோடு போட்டுத்தான் எண்ணுவாள். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தவர் எத்தனை பேர், பல் விழுந்தவர் எத்தனை பேர், நேற்று வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டதாகச் சொன்னவர் எத்தனை பேர், எல்லாம் கரும்பலகையில் கோடாக வந்து நிற்கும். ஆளுக்கொரு கோடு. நாலு கோடு நிற்கட்டும், ஐந்தாவது ஆள் வந்தால் அந்த நாலின் மேல் குறுக்கே ஒரு கோடு. அதற்கு ‘கட்டு’ என்று பெயர். கட்டை ஐந்து ஐந்தாக எண்ணிவிட்டு உதிரியைக் கூட்டிக்கொண்டால் முடிந்தது வேலை. வீட்டில் துணி துவைக்கப் போட்டால்கூட அவள் விரல் நுனி சுவரில் கோடு போட்டுக்கொண்டிருக்கும் என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அவளைக் கேலி செய்வதுதான்.

ஒரே வேலை என்று சொல்வது தப்பு. சமீப காலம் வரை இன்னொரு வேலையும் இருந்தது. பட்டாணியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும்.

பட்டாணி டீச்சரின் தங்கை மகள். வந்தபோது நாலு வயது. ஆளும் பட்டாணி அளவுதான் இருந்தாள், பேர் ஒட்டிக்கொண்டது. தங்கைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அவள் வீட்டுக்காரருக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி வந்ததில் குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அக்காவிடம் கொண்டுவந்து விட்டாள். டீச்சருக்குப் பிள்ளை இல்லை. “கொஞ்ச நாளைக்குத்தான்க்கா” என்றுதான் தங்கை சொன்னாள். அந்தக் கொஞ்ச நாளில் பட்டாணிக்குப் பால்பல் விழுந்து முளைத்தது, சைக்கிள் ஓட்ட வந்தது, பெரியம்மாவின் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றாயிற்று. இந்த வருஷம் பெரியம்மாவின் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். வகுப்பில் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஒப்பந்தம். அவசரத்தில் “பெரியம்மா டீச்சர்!” என்று கத்திவிடுவாள். மொத்த வகுப்பும் சிரிக்கும்.

காலாண்டு விடுமுறைக்குத் தங்கை வந்து கூட்டிக்கொண்டு போனாள். பகல் ஷிப்ட் நிரந்தரமாகிவிட்டது, வீடும் பெரிதாகப் பார்த்தாயிற்று, இனி பட்டாணி தங்களோடுதான் என்றாள். அவள் பெற்ற பிள்ளை. யார் என்ன சொல்ல முடியும்? டீச்சர் சிரித்துக்கொண்டே பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தாள். பஸ் திரும்புகிற வரை கையசைத்தாள். வீட்டுக்கு வந்து, குட்டிச் செருப்பு ஒரு ஜோடி வாசலில் மறந்து கிடந்ததைப் பார்த்ததும், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. அந்த ஊர் பட்டாணிக்குப் பிடிக்காது. தங்கைக்கு ஷிப்ட் மறுபடி மாறும். எப்படியும் பிள்ளை திரும்பி வந்துவிடும். வந்தால் அவள் இடம் அவளுக்கு இருக்க வேண்டாமா? நாலாவது பெஞ்சில் ஜன்னலோரம் யாரையும் உட்கார விடவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை எடுக்கவில்லை. தினமும் ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டு வந்தாள். வரவில்லை என்றால் நாளைக்கு வரலாம் என்றுதானே அர்த்தம்.

இதில் ஒரு சங்கடம். இங்கே பெயர் எடுத்து டி.சி. கொடுத்தால்தான் புதுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். தங்கை போன் பண்ணிக் கேட்டபடி இருந்தாள்.

“அக்கா, அந்த டி.சி. என்னாச்சு?”

“ஹெச்.எம். சார் லீவுல இருக்காருடி. வந்ததும் வாங்கிடறேன்.”

ஹெச்.எம். சார் தன் கல்யாணத்துக்கே அரை நாள்தான் லீவு போட்டவர். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த கணவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். உரித்த சுளைகளைப் பழைய பழக்கத்தில் மூன்று பங்காக வைத்துவிட்டு, மூன்றாவது பங்கை என்ன செய்வதென்று தெரியாமல் அவளிடமே தள்ளினார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கணக்குப் பரீட்சை வந்தது. கடன் வாங்கிக் கழித்தல், பத்துக் கணக்கு, பத்து மதிப்பெண். அந்தப் பள்ளியில் ஹெச்.எம். சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. சராசரி கேட்க மாட்டார். “ரெண்டு பேர் பத்துக்குப் பத்து எடுத்தா சராசரி ஏறிடும், மத்தவன் என்ன பண்றான்னு அதுக்குத் தெரியாது. எந்த மார்க்க அதிகம் பேர் எடுத்திருக்காங்க, அத சொல்லுங்க” என்பார். அதிகம் பேர் எடுத்த மதிப்பெண் ஏழோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். அதற்குக் கீழே என்றால் அதே பாடத்தை மறுபடி ஒரு வாரம் நடத்த வேண்டும். பெரிய வகுப்பில் இதற்கு முகடு என்று பெயர் வைத்துப் படிப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ‘எது ஜாஸ்தி’ என்றால் போதும்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று டீச்சர் அதையே பாடமாக்கினாள். பாடப் புத்தகத்திலும் அந்த மாதம் தகவல் திரட்டும் பாடம்தான். கரும்பலகையின் இடது ஓரத்தில் பத்திலிருந்து மூன்று வரை மேலிருந்து கீழாக எழுதினாள். மூன்றுக்குக் கீழே யாரும் எடுக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

“முதல் பெஞ்சுலேருந்து ஒவ்வொருத்தரா எழுந்து மார்க்க சத்தமா சொல்லணும். நான் அதுக்கு நேரா ஒரு கோடு போடுவேன். யாரும் ரெண்டு தடவ சொல்லக் கூடாது. சரியா?”

“சரிங்க டீச்சர்!”

“ஆறு!” “எட்டு!” “ஏழு!” என்று குரல்கள் வந்தன. டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதால் கேட்டு, கையால் கோடு போட்டுக்கொண்டே போனாள். அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. யார் பக்கத்தில் யார் என்பது மனப்பாடம். மூன்று எடுத்தவன் எழுந்து வாய்க்குள்ளேயே முனகினான். அவள் காதில் விழாத மாதிரி இருக்காமல், “மூணு. பரவால்ல, மூணு கணக்கு உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்று சொல்லிக் கோடு போட்டாள். அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கடைசி பெஞ்சு முடிந்தது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

“இப்ப சொல்லுங்க, எது ஜாஸ்தி?”

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் ஆறு என்றார்கள், பாதிப் பேர் ஏழு என்றார்கள். ஆறு எடுத்தவர்கள் ஆறுக்காகவும் ஏழு எடுத்தவர்கள் ஏழுக்காகவும் தொண்டை கிழியக் கத்தினார்கள். டீச்சர் பலகையைப் பார்த்தாள். ஆறுக்கு நேரே ஒரு கட்டும் மூன்று உதிரியும். எட்டுப் பேர். ஏழுக்கு நேரேயும் ஒரு கட்டும் மூன்று உதிரியும். அங்கேயும் எட்டுப் பேர்.

“ரெண்டும் சமம் டீச்சர்! அப்ப ரெண்டும் ஜெயிச்சிடுச்சா?”

“சமமா வரலாம். தப்பில்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். மொத்தக் கோடும் மொத்த ஆளும் சரியா இருக்கான்னு பாக்காம எதையும் நம்பக் கூடாது. எண்ணுங்க.”

பத்துக்கு இரண்டு, ஒன்பதுக்கு மூன்று, எட்டுக்கு நாலு, ஏழுக்கு எட்டு, ஆறுக்கு எட்டு, ஐந்துக்கு மூன்று, நாலுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று. கூட்டிக்கொண்டே வந்தார்கள். முப்பத்தொன்று. அன்றைக்கு அபூர்வமாக எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தலையை எண்ணினால் முப்பது.

“யாரோ ரெண்டு தடவ சொல்லியிருக்கீங்க” என்றாள் டீச்சர்.

எல்லாரும் தலையில் அடித்து, நெஞ்சில் அடித்து சத்தியம் செய்தார்கள். சரி, ஆறு எடுத்தவங்க எழுந்திருங்க என்றாள். எட்டுப் பேர் எழுந்தார்கள். சரியாக இருந்தது. ஏழு எடுத்தவங்க எழுந்திருங்க என்றாள். ஏழு பேர்தான் எழுந்தார்கள்.

கோடு எட்டு. ஆள் ஏழு. நாலாவது பெஞ்சில் முன்பல் விழுந்த ஒரு பெண், ஜன்னலோரத்துக்குப் பக்கத்து இடம் அவளுடையது, மெதுவாகக் கையைத் தூக்கினாள். பல் போன இடத்தில் காற்று புகுந்து வந்தது அவள் பேச்சு.

“டீச்சர், நான் அஞ்சுன்னு சொல்லி உக்காந்தேன். அதுக்கப்புறம் நீங்களே ஏழுல ஒண்ணு போட்டீங்க. யாரும் எதுவும் சொல்லல. பட்டாணி எடத்துக்குப் போட்டீங்க.”

டீச்சருக்கு முகம் சூடேறியது. நாலாவது பெஞ்சு, ஐந்து மதிப்பெண், அடுத்து ஜன்னலோரம். ஜன்னலோரம் என்றால் ஏழு. பட்டாணி எந்தப் பரீட்சை எழுதினாலும் ஏழுதான். ஆறும் கிடையாது, எட்டும் கிடையாது. “நீ என்னடி ஏழைக் குத்தகைக்கா எடுத்திருக்கே?” என்று வீட்டில் திட்டுவாள். மனசு தனியாக எங்கோ நிற்க, கை தன்பாட்டுக்கு அந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. அதுவும் எந்தக் கோடு? அதுவரை நாலு பேர் ஏழு சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது, குறுக்குக்கோடு.

“ஆமா. டீச்சர் தப்பு பண்ணிட்டேன்” என்றாள். டஸ்டரை எடுத்தாள். ஏழின் வரிசையில் கடைசியாக நின்ற கோட்டை அழித்தாள்.

“டீச்சர்! அது என் கோடு!” கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அலறல். “கடைசியா ஏழு சொன்னது நான்தான்! பட்டாணி கோடு குறுக்க இருக்கு. அத அழிங்க!”

“கோட்டுக்குப் பேரெல்லாம் கிடையாதுப்பா. எத அழிச்சாலும் எண்ணிக்க ஒண்ணுதான். ஏழு பேர், ஏழு கோடு. அதுல உன்னோடதும் இருக்கு.”

அவன் சமாதானம் ஆகவில்லை. இடைவேளை மணி அடிக்கும் வரை கரும்பலகையை முறைத்துக்கொண்டிருந்தான். ஆனால் கணக்கு தெளிவாகிவிட்டது. ஏழுக்கு ஏழு பேர், ஆறுக்கு எட்டுப் பேர். அதிகம் பேர் எடுத்தது ஆறு. ஹெச்.எம். சாருக்கான சீட்டில் ‘ஆறு’ என்று எழுதிக் கொடுத்தாள். கழித்தலை இன்னும் ஒரு வாரம் நடத்த வேண்டியதுதான். தன் ஏக்கம் ஒரு வகுப்பின் கணக்கையே புரட்டிப் பார்த்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அந்தக் கோட்டை அழித்ததுதான் அதிகம் வலித்தது.

சாயங்காலம் அவளே தங்கைக்குப் போன் போட்டாள். பட்டாணிதான் எடுத்தாள். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பெரியம்மா! நான் இங்க மாடியில இருந்து பாத்தா ரயில் தெரியுது! பெரியப்பா இருக்காரா? முட்டியில அடிபட்டுச்சு, ஆனா அழல.”

“அழாம இருக்கறவ எதுக்குடி அழலன்னு சொல்ற?” என்றார் பெரியப்பா.

“ஸ்கூல் எப்படிடா கண்ணு இருக்கு?” என்று கேட்டாள் டீச்சர். பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இன்னும் சேரல பெரியம்மா. சும்மா வந்து உக்காரச் சொல்லியிருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “போன வாரம் டெஸ்ட் வச்சாங்க. நானும் எழுதினேன். நம்ம கிளாஸ் மாதிரியே மார்க்குக்குக் கோடு போட்டாங்க. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, நான் கையத் தூக்கினேன். என் மார்க்கையும் சொன்னேன்.”

“அப்புறம்?”

“எனக்குக் கோடு போடல. உன் பேரு ரிஜிஸ்டர்ல இல்லம்மா, உன்னையும் சேத்தா மொத்தம் சரியா வராதுன்னு அந்த டீச்சர் சொன்னாங்க. திட்டல்லாம் இல்ல, நல்லாத்தான் சொன்னாங்க.” குரல் சின்னதாகிவிட்டது. “ஏழுல நாலு கோடு நின்னுச்சு பெரியம்மா. நான் போயிருந்தா கட்டு ஆயிருக்கும். நான்தான் குறுக்குக்கோடு. அந்த நாலும் அப்படியே நின்னுச்சு.”

டீச்சர் போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பிள்ளை இல்லாத இடத்தில் அவளுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளை இருக்கிற இடத்தில் அவளுக்கு ஒரு கோடு இல்லை. இடத்தைக் காத்து வைக்கிறேன், காத்து வைக்கிறேன் என்று, பிள்ளையை இடமில்லாமல் உட்கார வைத்துவிட்டேனே என்று அழுதாள்.

பின்னால் வந்து நின்ற கணவர் குழாயை மூடினார்.

“நானும் உன்ன மாதிரிதான் இருந்தேன்” என்றார். “டி.சி. பத்தி நீ பொய் சொன்னப்ப நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நெனைக்கிற? எனக்கும் அவ வரணும்னுதான்.”

“நாளைக்குப் போய் வாங்கிடறேங்க.”

“ம்.”

மறுநாள் முதல் மணிக்கு முன்னால் ஹெச்.எம். அறைக்குப் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றிமேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தை நீட்டினாள்.

“நானே கேக்கணும்னு இருந்தேன் டீச்சர்” என்றார், கண்ணாடியை இறக்கிக்கொண்டு. “வராத பிள்ளைக்கு எத்தன நாளைக்குத்தான் ஆப்சென்ட் போடுவீங்க? கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.”

“கேட்டிருக்கலாம் சார்.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?”

அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஈரம் காய ஊதிக் கொடுத்தார். டீச்சர் பதிவேட்டைத் திறந்து பட்டாணியின் பெயர் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தாள். ஆயிரம் கோடு போட்ட கைதான், அன்றைக்கு ஸ்கேல் வைத்து இழுத்தது. டி.சி.யைக் கணவர் தபாலில் போட ஒத்துக்கொள்ளவில்லை. அவரே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு, பிள்ளையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். மறந்து வைத்துவிட்டுப் போன செருப்பையும் கொண்டுபோயிருந்தார். அது அவளுக்குச் சின்னதாகிவிட்டதாம்.

ஒரு வாரம் கடன் வாங்கிக் கழித்தலை டீச்சர் விடாமல் நடத்தினாள். குச்சிகளைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, மூன்று எடுத்த பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து நடத்தினாள். மறுபரீட்சை வந்தது. மறுபடி பலகையில் எண்கள், மறுபடி கோடுகள். நாலாவது பெஞ்சில் பல் விழுந்தவள் “எட்டு!” என்று சொல்லி உட்கார்ந்தாள். பல் முளைவிடத் தொடங்கியிருந்தது. டீச்சரின் கை காற்றில் ஒரு கணம் நின்றது. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தது. கை இறங்கி, ஐந்தாவது பெஞ்சின் முதல் ஆளுக்குக் காத்திருந்தது.

அதிகம் பேர் எடுத்தது எட்டு. மூன்று எடுத்தவன் ஆறு எடுத்திருந்தான். எண்ணிப் பார்த்தார்கள். முப்பது கோடு, முப்பது பிள்ளைகள். மொத்தம் சரியாக இருந்தது. “சரியா வந்துடுச்சு டீச்சர்!” என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் கை தட்டினாள். சரியாக வந்த கணக்கு அவள் மனசுக்குப் பிடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்து பட்டாணி போன் செய்தாள். எடுத்ததும் மூச்சு விடாமல் கத்தினாள்.

“பெரியம்மா, எனக்குக் கோடு போட்டாங்க! என் பேரு ரிஜிஸ்டர்ல வந்துடுச்சு, இன்னைக்கு டெஸ்ட் மார்க்குக்குக் கோடு போட்டாங்க, எனக்கும் போட்டாங்க!”

“குறுக்குக்கோடா?”

“இல்ல, சும்மா நேர்க்கோடுதான். ஆனா என்னுது.”

“ஏழுலதானே?” டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த வரிசையில் இன்று ஒரு கோடு அந்த ஊர்ப் பலகையில் நிற்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது.

“ஏழு இல்ல பெரியம்மா. ஒன்பது!”

“ஒன்பதா! அடி என் தங்கமே!” என்று கத்தினாள். அந்தச் சத்தத்துக்குக் கணவர் ஓடி வந்தார். அவரிடம் ஒன்பது, ஒன்பது என்று விரலைக் காட்டினாள். சந்தோஷம் நிஜமான சந்தோஷம்தான், அதில் கலப்படம் இல்லை. பட்டாணி ரயிலைப் பற்றி, புதுத் தோழியைப் பற்றி, அம்மா கட்டிவிட்ட ரிப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனி சுவரில், எப்போதும்போல, நாலு கோடு போட்டது. ஐந்தாவதைப் போடவில்லை. பிள்ளை இப்போது எந்த வரிசையில் நிற்கிறாள் என்று இனிமேல் அவளைக் கேட்டால்தான் தனக்குத் தெரியும்.